ஐந்தே நாளில் வந்த கடிதம்

எங்கள் ஊர்ப்பக்கம் சண்டைகூட மரியாதையாகத்தான் நடக்கும். ஒருவரை ஒழித்துக்கட்ட முடிவு செய்தாலும் "உக்காருங்க, டீ குடிக்கறீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் ஒழிப்பார்கள். என் பிஎச்.டி. கைடு என்னிடம் ஏழு வருடம் அப்படித்தான் பேசினார். அத்தனை 'ங்க'வையும் கூட்டிப் பெருக்கினால் ஒரு மூட்டை தேறும். அதில் ஒன்றாவது எனக்கு உபயோகமாக இருந்ததா என்றால், இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் சமூகப்பணித் துறையில் அவர் பேராசிரியர் ஆகக் காத்திருந்த இணைப் பேராசிரியர். நான் கிணத்துக்கடவு தாண்டி இன்னொரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, அவரிடம் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். சனிக்கிழமைதோறும் பொள்ளாச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே போய் அவர் அறைவாசலில் உட்காருவேன். வருடங்கள் போனதே தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் தெரிந்தது.

என் ஆய்வு சோமனூர் விசைத்தறிக் கூடங்களில் வேலை செய்கிறவர்களின் காதைப் பற்றியது. தறி ஓடும் கூடத்துக்குள் பத்து நிமிடம் நின்றால் வெளியே வந்தபிறகும் தலைக்குள் தறி ஓடும். அதற்குள்ளேயே முப்பது வருடம் நின்றவர்கள் இருக்கிறார்கள். காதடைப்பான் வாங்கிக் கொடுத்தாலும் போடமாட்டார்கள். ஏன் என்பதுதான் என் கேள்வி. கூடம் கூடமாகப் போய்க் கேட்டேன். நூல் அறுந்தால் தறியின் சத்தம் மாறும், அதைக் கேட்டுத்தான் ஓடிப்போய் நிறுத்துவோம், காதை அடைத்துக்கொண்டால் துணி கெட்டுவிடும் என்றார்கள். போய்க்கொண்டிருக்கிற அந்தக் காதை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள் என்று எனக்குப் புரிந்த நாளில், இந்த ஆய்வு உருப்படியானது என்று நம்பினேன். என் அப்பாவும் தறி ஓட்டியவர்தான். எதைச் சொன்னாலும் "ஆமாங்கண்ணு" என்பார். பாதி கேட்டிருக்காது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும், அல்லது ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதமாவது வேண்டும். என் பதிவுக்காலம் அந்த டிசம்பரோடு முடிகிறது. ஏற்கெனவே ஒரு முறை நீட்டித்தாயிற்று. டிசம்பருக்குள் கடிதம் இல்லாவிட்டால், ஆய்வுக் குழு இரங்கி இன்னொரு நீட்டிப்பு கொடுத்தாலொழிய, பதிவு ரத்து, ஏழு வருடமும் பஸ் டிக்கெட்டோடு குப்பைக்குப் போகும். அதனால் ஜூலை மாதமே கட்டுரையை எழுதி முடித்து அவரிடம் கொண்டுபோனேன்.

எந்த இதழுக்கு அனுப்புவது என்பதை அந்தத் துறையில் முடிவு செய்கிற முறை ஒன்று உண்டு. யாரோ எப்போதோ தயாரித்த ஓர் எக்செல் பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். இதழின் பெயர், தரவரிசை, அவ்வளவுதான். கைடு அதைத் திறந்து, தரவரிசையில் மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு வருவார். கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிற மாதிரி பெயரையும் அந்தஸ்தையும் மட்டும் பார்ப்பார். இதழின் இணையப்பக்கத்தைத் திறந்து, அவர்கள் எதைப் பற்றிய கட்டுரைகளை வெளியிடுகிறார்கள் என்று படிக்கிற வழக்கம் கிடையாது.

விரல் ஓரிடத்தில் நின்றது. பெயரில் 'டெக்ஸ்டைல்' என்று இருந்தது. வெளிநாட்டு இதழ். முதல் தரவரிசை.

"இதுக்கே போட்டுருவோமுங்க மேடம். உங்களுதும் தறிதானுங்களே."

நான் வரும்போதே பஸ்ஸில் நின்றபடி அந்தப் பட்டியலில் இருந்த நாலைந்து இதழ்களின் பக்கத்தைப் படித்திருந்தேன். அதில் இதுவும் ஒன்று. இழை, நூல், துணி, அவற்றின் வலிமை, சாயம் ஏறும் தன்மை, நெய்யும் எந்திரத்தின் இயக்கம் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். மனுஷன் என்ற சொல் எங்கேயும் இல்லை.

"சார், இது துணியப் பத்துன ஜர்னலுங்க. நம்மளுது தொழிலாளிகளப் பத்துனது. தொழில் சுகாதார ஜர்னல் ரெண்டு பாத்து வெச்சிருக்கறனுங்க" என்றேன்.

"அதெல்லாம் ரெண்டாவது தரமுங்க. தலைப்புல டெக்ஸ்டைல்னு ஒரு வார்த்தைய உள்ள சேத்துங்க, பொருந்திப்போயிரும்."

இரண்டாவது முறை நான் எதிர்த்துப் பேசவில்லை. அந்தத் துறையில் யாரும் பேசுவதில்லை. கைடு கையெழுத்துப் போடாமல் எந்தத் தாளும் நகராது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தலைப்பில் அந்த வார்த்தையைச் சேர்த்தேன்.

அவருடைய கணினியில், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான்தான் எல்லாவற்றையும் ஏற்றினேன். தொடர்புக்குரிய ஆசிரியர் என்ற இடத்தில் அவர் பெயர். இதழிலிருந்து வருகிற கடிதமெல்லாம் அவருக்குத்தான் போகும். என் மின்னஞ்சலைக் கேட்ட கட்டத்தில் நான் தட்டச்சு செய்யப் போனேன். விசைப்பலகையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தன்னுடைய இரண்டாவது மின்னஞ்சலை அதில் போட்டார். அதை அவர் இதுமாதிரி வேலைகளுக்கென்றே வைத்திருந்தார். திறந்து பார்ப்பதே இல்லை.

"உங்களுக்கு எதுக்குங்க தொந்தரவு. நானே பாத்துக்கறனுங்க."

கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். 'இதழின் நோக்கத்தையும் எல்லையையும் படித்தேன், என் கட்டுரை அதற்குள் அடங்குகிறது என உறுதியளிக்கிறேன்.' சுட்டியைப் பிடித்திருந்தது என் கை. படித்திருந்ததும் நான்தான், அடங்காது என்று தெரிந்ததும் எனக்குத்தான். டிக் போட்டேன். அனுப்பியதும் திரையில் வந்த பதிவெண்ணை என் டைரியில் குறித்துக்கொண்டேன்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் ஒரே கேள்வி, ஒரே பதில்.

"சார், ஸ்டேட்டஸ் பாத்தீங்களாங்க?"

"அண்டர் ரிவ்யூலதானுங்க மேடம். அவசரப்பட்டா ஆகுமுங்களா?"

ஆகஸ்டில் கேட்டேன். செப்டம்பரில் கேட்டேன். ஆயுதபூஜைக்கு அவர் அறையில் பொரி தின்றுகொண்டே கேட்டேன். நல்ல இதழென்றால் நாளாகும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நவம்பர் பிறந்ததும் அந்தச் சமாதானம் எடுபடவில்லை. ஒரு நாள் கல்லூரியில் மதிய இடைவேளையில், டைரியிலிருந்த பதிவெண்ணைப் போட்டு அந்த இதழின் அலுவலகத்துக்கு நானே ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நான் இந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர், நிலை என்ன என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாளே இரண்டு வரியில் பதில் வந்தது. இந்தக் கட்டுரை பற்றிய முடிவு, தொடர்புக்குரிய ஆசிரியருக்கு ஜூலை மாதமே அனுப்பப்பட்டுவிட்டது, விவரத்துக்கு அவரைக் கேளுங்கள் என்று. தேதியும் போட்டிருந்தார்கள். விரல் விட்டு எண்ணினேன். நாங்கள் அனுப்பிய ஐந்தாம் நாள்.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் அது கொஞ்சமாகத் தெரிகிறது. சாப்பாட்டு டப்பாவை மூடக் கை வரவில்லை. அன்றைக்குச் சனிக்கிழமை இல்லை. மீதி வகுப்புக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அவருக்குத் திரையில் எதையும் படிக்கப் பிடிக்காது. முதல் மின்னஞ்சலுக்கு வருகிற ஒவ்வொன்றையும் அலுவலக உதவியாளர் அச்செடுத்து, கோப்பில் குத்தி மேஜையில் வைத்துவிடுவார். பழைய கோப்புகள் எந்த அலமாரியில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் உள்ளே போனபோது அவர் தன் பதவி உயர்வு விண்ணப்பத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க மேடம், புதன்கிழமை வந்திருக்கறீங்க? உக்காருங்க."

"ஜூலைல வந்த லெட்டரக் காட்டுங்க சார்."

"எந்த லெட்டருங்க?"

இதழிலிருந்து வந்த பதிலைத் திறந்து என் கைப்பேசியை அவர் முன்னால் வைத்தேன். இரண்டு வரியைப் படிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானே அலமாரியிலிருந்து ஜூலைக் கோப்பை எடுத்துப் புரட்டினேன். இருந்தது. மேலே தேதி, நேரம் எல்லாம் அச்சாகியிருந்தது.

நிராகரிப்புக் கடிதங்கள் எப்படி இருக்கும் என்று நான் பயந்து வைத்திருந்ததற்கும் அந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமே இல்லை. அனுப்பியதற்கு நன்றி என்று தொடங்கியது. எங்கள் இதழ் இழை, நூல், துணி ஆகியவற்றின் அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் பற்றியது. உங்கள் கட்டுரையின் தலைப்பில் டெக்ஸ்டைல் என்று இருந்தாலும், அது பேசுவது தொழிலாளர்களின் செவித்திறனையும் பணியிடப் பழக்கங்களையும் பற்றி. எனவே எங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறது, மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பாமல் திருப்புகிறோம். இது கட்டுரையின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல. நீங்கள் தாமதமின்றி வேறிடத்துக்கு அனுப்ப வசதியாக உடனே தெரிவிக்கிறோம். எங்கள் பதிப்பகமே நடத்தும் தொழில் சுகாதார இதழ் ஒன்று இருக்கிறது, நீங்கள் சம்மதம் தெரிவித்தால் கோப்புகளை நாங்களே அங்கே மாற்றிவிடுகிறோம், சம்மதிப்பதற்கான இணைப்பு முப்பது நாள் வரை செல்லும்.

முப்பது நாள் ஆகஸ்டிலேயே முடிந்திருந்தது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை. முகம் தெரியாத ஒரு பதிப்பாசிரியர் என் நேரம் வீணாகக் கூடாது என்று ஐந்தே நாளில் எழுதியிருக்கிறார். வாரம் தவறாமல் முகம் பார்க்கிற மனுஷன் அதை நாலு மாதம் அலமாரியில் வைத்திருந்திருக்கிறார்.

"ஏனுங்க சார் சொல்லல?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதானுங்க."

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. மேஜையில் விரிந்து கிடந்த விண்ணப்பத்தை அப்போதுதான் பார்த்தேன். வெளியீடுகள் என்ற பட்டியலின் தலையிலேயே என் கட்டுரை இருந்தது. இதழின் பெயர், முதல் தரவரிசை, பக்கத்தில் 'மதிப்பாய்வில் உள்ளது'. நேர்முகத் தேர்வு முடிகிறவரை அது மதிப்பாய்வில் இருந்தாக வேண்டும். என் டிசம்பரைவிட அவருக்கு அந்த ஒரு வரி முக்கியம்.

கடிதத்தைக் கோப்பிலிருந்து உருவினேன்.

"வெச்சுட்டுப் போங்க மேடம். ஆபீஸ் பேப்பருங்க அது."

"கம்ப்ளைண்ட் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஏழு வருடத்தில் அவர் பேச்சைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். கேட்கவில்லை. கத்திச் சொன்னேன், மூன்று தடவை. என் கட்டுரை திரும்பி வந்த செய்தி அப்பாவுக்கு முன்னால் பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே கட்டுரையைத் தொழில் சுகாதார இதழுக்கு அனுப்பினேன், அந்தக் கடிதம் சொன்ன அதே இதழுக்கு. டெக்ஸ்டைல் என்று திணித்த வார்த்தையை எடுத்தேன். தொடர்புக்குரிய ஆசிரியர் நான். இணை ஆசிரியர் ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்து வேண்டும் என்பதால் மறுபடி அந்த அறைக்குப் போனேன். ஜூலைக் கடிதம் என் பையில் இருந்ததால் மறுக்காமல் போட்டார். அவர் மின்னஞ்சலைக் கேட்ட கட்டத்தில், எனக்காக அவர் அன்றைக்குப் போட்டாரே, அந்தத் திறக்கப்படாத இரண்டாவது மின்னஞ்சலைப் போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன்.

டிசம்பரில் ஆய்வுக் குழு கூடியது. நீட்டிப்பு கொடுப்பதா வேண்டாமா என்று அது பரிந்துரைக்க வேண்டும். கைடுதான் கூட்டத்தை நடத்துபவர். வெளிக் கல்லூரிகளிலிருந்து இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் வாயே திறக்காத பொருளியல்காரர். இன்னொருவர் தலை நரைத்த ஓர் அம்மா, பொதுச் சுகாதாரம் நடத்துகிறவர்.

நீட்டிப்புப் படிவத்தில் தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் கைடு முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். 'ஆய்வாளர் கட்டுரையை உரிய காலத்தில் வெளியிடவில்லை.' அதைச் சத்தமாக வாசித்தும் காட்டினார். வாசித்துவிட்டு, "பாவமுங்க, குடும்பப் பொறுப்பெல்லாம் இருக்குது. நாமதான் பெரிய மனசு பண்ணோணும்" என்றார்.

கடிதத்தை எடுத்து அந்த அம்மாவின் முன்னால் வைத்தேன். அவர் படித்தார். தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது ஜூலைலயே வந்திருக்குதுங்களே சார். இவங்ககிட்ட எப்பக் குடுத்தீங்க?"

கைடு முன்னாலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. அது இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

"மேடம், ஒண்ணு கேளுங்க" என்றார் கைடு அந்த அம்மாவிடம். "ஜர்னலோட ஸ்கோப்பப் படிச்சேன், பொருந்துதுன்னு டிக் பண்ணி அனுப்புனது இவங்கதானுங்க. நான் பக்கத்துல சும்மா உக்காந்திருந்தனுங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "பண்ணுனீங்களாம்மா?"

"பண்ணுனேனுங்க."

"படிச்சிருந்தீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். படிக்காத மடச்சி என்று எழுதிக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

"படிச்சிருந்தேனுங்க. பொருந்தாதுன்னு தெரியுமுங்க. சார் போடச் சொன்னாரு, போட்டேன்."

அந்த அம்மா பேனாவை எடுத்தார். அவரிடமும் ஆய்வு மாணவர்கள் இருந்திருப்பார்கள். காரணம் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டுத் தன் கையாலேயே வேறொன்று எழுதினார். 'கட்டுரை பொருந்தாத இதழுக்கு அனுப்பப்பட்டதால் தாமதம். ஆறு மாத நீட்டிப்புக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.' யார் அனுப்பினார்கள், யார் மறைத்தார்கள் என்று எதுவும் இல்லை. கட்டுரை தானே கால் முளைத்து நடந்துபோய் விழுந்த மாதிரி இருந்தது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். டீ வந்தது. கைடு தன் கையால் எனக்கு ஒரு டம்ளரை எடுத்து நீட்டினார். குடித்தேன். ஆறு மாதம் கிடைத்த சந்தோஷத்தைவிட, அந்த டீயை வாங்கிக் குடித்த எரிச்சல்தான் எனக்கு அதிகம்.

அவருடைய நேர்முகத் தேர்வு டிசம்பரில் நடக்கவில்லை. தள்ளிப்போய், தள்ளிப்போய், ஜூன் முதல் வாரம் என்று ஆனது. இடையில் என் கட்டுரை இரண்டு மதிப்பீட்டாளர்களிடம் போய் வந்தது. காதடைப்பான் பகுதியை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். கைடு தன் விண்ணப்பத்தில் இதழின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார். இப்போது கேள்வி அவரிடமிருந்து வந்தது. சனிக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில்.

"ஸ்டேட்டஸ் என்னங்க மேடம்?"

மே மாதக் கடைசியில், மதியம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஏற்புக் கடிதம் வந்தது. என் பெயரை விளித்து எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தேன். கண் கலங்கியது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்திச் சொன்னேன். முதல் தடவையே கேட்டுவிட்டது, அல்லது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

என் நீட்டிப்பு ஜூன் முடிவில் தீரும். ஏற்புக் கடிதத்தோடு ஆய்வுச் சுருக்கத்தைக் கைடு கையெழுத்துக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது. அடுத்த சனிக்கிழமையே கொடுத்திருக்கலாம். அவர் நேர்முகத் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. 'மதிப்பாய்வில்' என்பதை 'ஏற்கப்பட்டது' என்று மாற்ற அவருக்கு அந்த ஒரு தாள் போதும். அந்தச் சனிக்கிழமை காலையிலும் செய்தி வந்தது.

"ஸ்டேட்டஸ் பாத்தீங்களாங்க மேடம்?"

ஏற்புக் கடிதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்தேன்.

"அண்டர் ரிவ்யூலதானுங்க சார். அவசரப்பட்டா ஆகுமுங்களா?"

நேர்முகத் தேர்வு நடந்தது. அவர் பேராசிரியர் ஆகவில்லை. இந்த ஒரு தாளால்தான் என்று சொல்ல முடியாது, காரணம் வேறு ஏதாவதும் இருந்திருக்கும். மறுநாள் போய் ஏற்புக் கடிதத்தை மேஜையில் வைத்தேன். அவர் மேலே இருந்த தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்து, நான் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்.

"வாழ்த்துகளுங்க மேடம்" என்றார்.

"எல்லாம் உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதானுங்க சார்" என்றேன்.